சாராளின் மூன்றாம் பொத்தான்

செங்கல்பட்டில் நான் ஸ்கேன் சென்டர் நடத்திய இருபத்தொரு வருஷமும் பலகையில் இருந்தது என் பெயர், டாக்டர் கோதண்டராமன். ரிப்போர்ட்டில் இருந்தது என் கையெழுத்து. ஆனால் யார் வயிற்றில் என்ன இருக்கிறது என்று முடிவு செய்தது பல நாள் சாராளின் இடது கை நடுவிரல். இதை அடக்கத்தில் சொல்லவில்லை, வெட்கப்பட்டுத்தான் சொல்கிறேன். அடக்கம் என்பது எனக்கு எப்போதும் வந்ததில்லை, என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

சாராள் 1990-இல் என்னிடம் டைப்பிஸ்ட் வேலைக்கு வந்தாள். முப்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகள், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். கணவர் சாலமோன் அரசு பஸ் ஓட்டுநர், கல்பாக்கம் தடம். நேர்காணலில் "உங்களுக்கு மருத்துவ வார்த்தையெல்லாம் தெரியுமா?" என்று கேட்டேன். "உங்களுக்கு டைப்பு தெரியுமா சார்? தெரியாதில்ல. ரெண்டு பேரும் கத்துக்கலாம்" என்றாள். அப்போதே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாதது நான் செய்த ஒரு சில நல்ல காரியங்களில் ஒன்று.

அந்தக் காலத்து ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும். அது ஜன்னல் மாதிரி, அதன் வழியாகத்தான் கருப்பை தெரியும். ஆகவே என் வெளித்திண்ணை பெஞ்சில் எந்நேரமும் பத்துப் பெண்கள் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு, காலைப் பின்னிக்கொண்டு, என்னைச் சபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரை முதலில் உள்ளே விடுவது என்பது சாராளின் ஆட்சி. முட்டிக்கொண்டு நிற்பவள் முதலில், பாசாங்கு செய்பவள் கடைசியில். எப்படிக் கண்டுபிடிப்பாள் என்று கேட்காதீர்கள். முகத்தைப் பார்த்தே சொல்வாள்.

வரிசை பிரிக்க ஆரம்பித்த கேள்விகள் மெல்ல விசாரணைக் கமிஷனாக மாறின. டோக்கன் சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொள்வாள். வயது, பிள்ளைகள், வலி எத்தனை நாள், எப்போது தொடங்குகிறது, நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறாள், கட்டி கட்டியாகப் போகிறதா, ஒன்றுக்கு அடிக்கடி வருகிறதா. இத்தோடு நிற்க மாட்டாள். கூடம் முழுக்கக் கேட்கிற குரலில், "வூட்டுக்காரரு கிட்ட வந்தா வலிக்குதா?" என்பாள். துணைக்கு வந்த மாமனார்கள் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். நான் கண்டித்தேன். "அவுங்க போனாதான் சார் இதுங்க வாயத் தொறக்குதுங்க" என்றாள். சீட்டை ரிப்போர்ட்டின் ஆபீஸ் காப்பியோடு பின் குத்தி ரேக்கில் போடுவாள். எனக்கு அந்தச் சீட்டுகள் குப்பை. பதின்மூன்று வருஷம் ஒன்றையும் படிக்கவில்லை.

1996-இல் கம்ப்யூட்டர் வாங்கினோம். ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் முழுதாக அடிக்க வேண்டாம், மேல்வரிசைப் பொத்தான்களில் மாதிரி ரிப்போர்ட்டுகளைப் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்று விற்க வந்தவர் காட்டினார். நான் உட்கார்ந்து வாசகம் சொன்னேன். ஒன்று, எல்லாம் நார்மல். இரண்டு, கர்ப்பம், இதயத்துடிப்பு தெரிகிறது. மூன்று, கருப்பை பருத்திருக்கிறது, தசைச் சுவரில் ஃபைப்ராய்டு கட்டி. நான்கு, சினைப்பையில் நீர்க்கட்டி. ஐந்து, பித்தப்பையில் கல். மனுஷ ஜென்மத்தின் வயிறு இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும் என்று அன்றைக்கு நம்பினேன்.

முதலில் இருட்டறையிலிருந்து, துணித்திரைக்கு வெளியே டைப் அடிக்கும் சாராளுக்குக் கேட்கும்படி ஒழுங்காகத்தான் சொன்னேன். கருப்பை இத்தனை நீளம், பின்சுவரில் கட்டி, இத்தனை சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் அது "பல்க்கி, மூணு" என்று சுருங்கியது. இன்னொரு வருஷத்தில் வெறும் "மூணு!" சாராள் திரைக்கு வெளியிலிருந்து "எத்தினி சென்டி?" என்பாள். "நாலு" என்பேன். நடுவிரல் ஒரு அழுத்து, பிரின்டர் கரகரவென்று கத்தும், நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போடுவேன். ஃபைப்ராய்டு தாலுகாவிலேயே அதிகம் விளைந்தது என் சென்டரில்தான்.

கருப்பை பெரிதாகத் தெரிந்தால் மூன்று. சுவர் கரடுமுரடாக இருந்தாலும் மூன்று. விளிம்பே இல்லாத ஏதோ ஒரு மங்கல் தெரிந்தால், அதன் விளிம்பை நானே மனசுக்குள் வரைந்து அளந்துவிட்டு மூன்று. அடினோமயோசிஸ் என்ற சொல் எனக்குத் தெரியாதது அல்ல. பாடப்புத்தகத்தில் ஒன்றரைப் பக்கம் படித்திருக்கிறேன். அது கருப்பையை எடுத்த பிறகு, அறுத்துப் பார்க்கிற நோயியல் நிபுணருக்கான சமாச்சாரம், நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். சோம்பேறித்தனத்துக்குப் படித்தவன் கொடுக்கிற மரியாதையான பெயர்தான் அது.

2003 ஜூனில் புது மெஷின் வந்தது. உள்வழியாகப் பார்க்கிற புரோப், ரத்த ஓட்டத்தைக் கலரில் காட்டுகிற டாப்ளர் எல்லாம் உண்டு. பழகிக்கொள்ள சென்னையில் இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். மதியச் சாப்பாடு பிரமாதம். ஞாயிறு பிற்பகலில் ஒரு அம்மாள் படங்களைப் போட்டுக் காட்ட ஆரம்பித்ததும் சாப்பிட்டது செரிக்காமல் போயிற்று.

இடது பக்கம் ஃபைப்ராய்டு. தெளிவான உருண்டை, சுற்றிலும் ஓர் எல்லை, ஓரத்தில் நிழல், ரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி வளைத்துப் போகின்றன. வலது பக்கம் அடினோமயோசிஸ். கருப்பை மொத்தமாகப் பந்து போல வீங்கியிருக்கிறது, ஒரு சுவர் மட்டும் தடித்திருக்கிறது. தசைக்குள் கடுகு கடுகாக நீர்ப்பொட்டுகள், விசிறி மாதிரி விரிகிற கோடுகோடான நிழல்கள். உள்சவ்வு எங்கே முடிகிறது தசை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ரத்தக் குழாய்கள் எதையும் சுற்றாமல் நேராக ஊடுருவிப் போகின்றன. எல்லை கிடையாது, கட்டியும் கிடையாது. வலது பக்கப் படத்தை நான் ஏழு வருஷமாக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு "மூணு" என்று கத்தியிருக்கிறேன்.

திரும்பி வருகிற ரயிலில் ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் சரியாகச் செய்வோம், பழசை யாருக்கும் சொல்ல வேண்டாம். ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் அந்த முடிவு எனக்கு மிகவும் நியாயமாகப் பட்டது.

திங்கள் காலை சென்டருக்கு ஒரு கவர் வந்தது. அனுப்பியவர் டாக்டர் தெய்வநாயகி. எங்கள் ஊர் பெண்கள் மருத்துவர், கத்தியைவிட நாக்குக் கூர்மை. உள்ளே எல்லம்மாள் என்கிற நாற்பத்தாறு வயதுப் பெண்மணியின் பயாப்ஸி ரிப்போர்ட். அவருக்கு நான் ஐந்து சென்டி ஃபைப்ராய்டு கொடுத்திருந்தேன். கருப்பையை எடுத்து அறுத்துப் பார்த்ததில் ஃபைப்ராய்டு ஒன்றுகூட இல்லை, சுவர் முழுக்க அடினோமயோசிஸ். கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "உங்கள் ஐந்து சென்டிக் கட்டி வழியில் எங்கோ இறங்கிவிட்டது போலிருக்கிறது. பார்த்தால் சொல்லி அனுப்புங்கள்."

கவரைப் பிரித்தவள் சாராள். என் தபாலையெல்லாம் அவள்தான் பிரிப்பாள், யாரும் சொன்னதில்லை, தானாகவே.

"இன்னா சார் இது அடினோமயோசிஸ்? நம்மகிட்ட இந்தப் பொத்தான் இல்லியே."

சமாளித்துப் பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் சொன்னேன். கருப்பைக்கு உள்ளே ஒரு சவ்வு உண்டு, மாதாமாதம் வளர்ந்து உதிர்வது. அந்த ஜாதித் திசு தசைச் சுவருக்குள்ளேயே இறங்கிப் பரவி, அங்கேயும் மாதாமாதம் வீங்கினால் அடினோமயோசிஸ். அதனால் கருப்பை கனக்கும், தொட்டால் வலிக்கும். ரத்தப்போக்கும் அதிகம், வலியும் அதிகம். ஃபைப்ராய்டு வேறு, தசையே உருண்டு திரண்ட கட்டி. போக்கு அதிகமாகலாம், பெரிதானால் மூத்திரப்பையை அமுக்கி அடிக்கடி ஒன்றுக்கு வரும், ஆனால் எல்லோருக்கும் வலிப்பதில்லை. மூன்றாவது எண்டோமெட்ரியோசிஸ். அதே மாதிரித் திசு கருப்பைக்கு வெளியே, சினைப்பையில், குடல் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்வது. தூரம் வருவதற்கு முன்னாலேயே வலி தொடங்கும், கணவர் நெருங்கினால் வலி, வெளிக்குப் போனால் வலி. போக்கு என்னவோ சாதாரணமாகவே இருக்கலாம். பிள்ளை தள்ளிப்போகும்.

சாராள் அதைத் தன் கணக்கில் திருப்பிச் சொன்னாள்.

"அரிசில கல்லு கெடந்தா பொறுக்கிடலாம். அது ஃபைப்ராய்டு. மாவுல உப்பு கலந்துட்டா பொறுக்க முடியாது. அது இந்தப் புதுசு. மூணாவது, உப்பு பக்கத்து சட்டில போயி விழுந்துட்டுது. செரியா?"

பாடப்புத்தகம் எழுதுகிறவர்கள் கவனிக்கவும். "சரி. ஆனா ஒருத்திக்கே ரெண்டும் இருக்கலாம், மூணும்கூட இருக்கலாம்" என்றேன்.

"அப்போ கல்லு இல்லாதவளுக்கு கல்லுன்னு எழுதிக் குடுத்துட்டோம்."

"எல்லம்மாளுக்கு நாற்பத்தாறு வயசு சாராள். பிள்ளைங்க பெரியவங்க. போக்கு மருந்துக்கும் நிக்கல. பேர் எதுவா இருந்தாலும் கடைசியில எடுக்கறதுதான். ஒண்ணும் கெட்டுப்போகல."

"எல்லம்மாவுக்குக் கெட்டுப்போகல. ரோகிணிக்கு?"

எனக்கு ரோகிணி யாரென்று நினைவில்லை. அவள் ரேக்குக்குப் போய் இரண்டே நிமிஷத்தில் ஒரு காப்பியை உருவிக்கொண்டு வந்தாள். பத்து நாளுக்கு முன்னால், பழைய மெஷினில் பார்த்தது. ரோகிணி, கல்பாக்கம் குடியிருப்பு, கணவர் கேசவன் அணுசக்தி ஆராய்ச்சிக் கூடத்தில் டெக்னிஷியன். முன்பக்கம் என் கையெழுத்து, ஃபைப்ராய்டு, நான்கு சென்டி. பின்னால் குத்தியிருந்த சீட்டில் சாராளின் பென்சில்: வயசு 28. கல்யாணம் ஆகி நாலு வருஷம். புள்ள இல்ல. நாளைக்கு எட்டு நாப்கின். வலி மூணு நாள், ரெண்டு வருஷமா ஏறிகினு கீது. ஒண்ணுக்கு சாதாரணம். வூட்டுக்காரரு வந்தா வலி இல்ல. வெளிக்குப் போனா வலி இல்ல.

"வியாழக்கிழமை தெய்வநாயகியம்மாகிட்ட ஆபரேஷன். கட்டிய மட்டும் எடுத்துட்டா புள்ள நிக்கும்னு சொல்லிச்சி அந்தப் பொண்ணு. சிரிச்சிகினே போச்சி சார்" என்றாள்.

எனக்கு வியர்த்தது. ஃபைப்ராய்டு என்றால் கருப்பையைத் திறந்து, எல்லை பிடித்து, பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பது போல உருவிவிட்டுத் தைத்துவிடலாம். அடினோமயோசிஸில் உருவ எல்லையே கிடையாது. தேடித் தேடி வெட்ட வேண்டும், நல்ல தசையும் சேர்ந்து போகும். ரத்தம் நிற்காவிட்டால் கருப்பையையே எடுக்க நேரலாம். தப்பித்தாலும் தழும்பேறிய சுவர் பின்னால் கர்ப்பத்தைத் தாங்காமல் கிழியலாம். இருபத்தெட்டு வயதுப் பெண், ஒரு பிள்ளைக்காக வயிற்றைத் திறக்கச் சம்மதித்திருக்கிறாள். அதற்கு ஆதாரம் என் "மூணு".

"அம்மாவுக்குப் போன் போடுங்க" என்றாள் சாராள்.

"போன் போட்டு என்ன சொல்ல? இவளுக்கு நிஜமாவே ஃபைப்ராய்டா இருந்தா? அடினோமயோசிஸ் நாற்பது தாண்டினவங்களுக்குத்தான் அதிகம். மறுபடி பார்க்காம நான் எப்படிச் சொல்வேன்?"

அதில் பாதி மருத்துவம், மீதிப் பாதி மானம். சாராளுக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியும்.

"அப்போ பாருங்க. நான் போயி இட்டாந்துடறேன். நீங்க சட்டய மாத்துங்க, நனைஞ்சிட்டுது."

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லாமல் கிளம்பிவிட்டாள். திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம், கட்டின புருஷன் ஓட்டுகிற பஸ்ஸிலேயே. அங்கே நடந்ததை மறுநாள் எனக்கு நடித்துக் காட்டினாள். கேசவன் மதுரைப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், எதையும் காகிதத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

"ஏங்க, கம்ப்யூட்டர்ல வந்த ரிப்போர்ட்டுங்க இது. அது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டிருக்கிறார்.

"கம்ப்யூட்டரு இன்னா சொல்லும் தம்பி? நான் எந்தப் பொத்தான அமுக்கறனோ அதச் சொல்லும். அமுக்கினது நானு. அதான் வந்துகீறேன்."

"ஆபீஸ்ல லீவு எழுதிக் குடுத்துட்டேன். ஊர்ல இருந்து அம்மா கிளம்பியாச்சு. இப்ப வந்து கட்டி இல்லேங்கிறீங்க."

"இல்லன்னு சொல்லல. இருக்குதான்னு இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்னு சொல்றேன். இருந்தா வியாழக்கிழம எடுங்க. இல்லாதத எடுக்க வயித்தக் கிழிச்சா, அப்புறம் தைக்க முடியாதது ஒண்ணு போயிடும்."

ரோகிணிதான் முதலில் செருப்பைப் போட்டிருக்கிறாள். "நான் வரேங்க்கா" என்றிருக்கிறாள். வலி யாருடையதோ அவர்களுக்குக் காகிதத்தில் அவ்வளவு நம்பிக்கை இருப்பதில்லை.

புதன்கிழமை காலை பார்த்தேன். புது மெஷினுக்கு மூத்திரப்பை காலியாக இருக்க வேண்டும், அதனால் சாராளின் தண்ணீர்க் குடம் அன்று முதல் பதவி இழந்தது. கருப்பை பந்தாக இருந்தது. முன்சுவர் ஒன்றரை சென்டி, பின்சுவர் மூன்றரை. உள்ளே பொட்டுப் பொட்டாக நீர், விசிறி நிழல். கலர் போட்டால் ரத்தக் குழாய்கள் குறுக்கே நேராக ஓடின. புரோபை அந்தச் சுவரில் மெல்ல அழுத்தியதும் ரோகிணி பல்லைக் கடித்துக்கொண்டாள். பத்து நாளுக்கு முன்பு நான் அளந்த நான்கு சென்டி உருண்டையைத் தேடினேன், கிடைக்கவில்லை. இரண்டு சினைப்பைகளும் ஒட்டாமல் தாராளமாக நகர்ந்தன, உள்ளே பழைய ரத்தம் தேங்கிய சாக்லேட் கட்டி இல்லை. எண்டோமெட்ரியோசிஸின் பொடிப்பொடிப் புள்ளிகள் ஸ்கேனில் அகப்படாது, அதனால் அது அறவே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் உருவி எடுக்கிற கட்டி இல்லை என்று சத்தியம் செய்யலாம்.

"ஃபைப்ராய்டு இல்லைம்மா. நான் தப்பா எழுதிட்டேன்" என்றேன். வாழ்க்கையில் ஒரு நோயாளியிடம் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. நாக்கு ஒன்றும் அறுந்து விழவில்லை.

ரோகிணி எழுந்து உட்கார்ந்து, "அப்ப எடுக்க முடியாதா டாக்டர்? எடுத்தா சரியாயிடும்னு நெனச்சுகிட்டிருந்தேன்" என்றாள். அழுதாள். தவறான நம்பிக்கையைக் கொடுத்தவனே அதைப் பிடுங்கவும் வேண்டியிருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லை, மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தெய்வநாயகிக்குப் போன் போட்டேன். முதல் ஐந்து நிமிஷம் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. என்னைக் கசாப்புக் கடைக்கு வழிகாட்டுகிறவன் என்று சொன்னது மட்டும்தான் அதில் கண்ணியமான பகுதி. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "அந்தப் பெண்ணை என்னிடம் அனுப்புங்கள். வேண்டுமானால் சென்னையில் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்துகொள்கிறேன். வியாழக்கிழமை தியேட்டர் ரத்து" என்றார்.

எம்.ஆர்.ஐ.யும் அதையே சொன்னது. தெய்வநாயகி ரோகிணியையும் கேசவனையும் உட்கார வைத்து, விஷயத்தை உடைத்துச் சொன்னார். பிள்ளை வேண்டாத பெண்ணாக இருந்தால் கருத்தடை மாத்திரையே வலியையும் போக்கையும் அடக்கும். உனக்குப் பிள்ளை வேண்டும், ஆகவே அது சரிப்படாது. மூன்று மாதம் ஊசி போடுவேன், மாதவிடாய் நின்றுவிடும், கருப்பை கொஞ்சம் சுருங்கும். ஐம்பது வயதுக்காரி மாதிரி உடம்பு குபுகுபுவென்று எரியும், பொறுத்துக்கொள். நிறுத்தியதும் தாமதிக்காமல் முயற்சி செய்யுங்கள். நிற்கும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். வாய்ப்பு இருக்கிறது, அவ்வளவுதான். கேசவன் எழுதிக் கொடுக்க முடியாது என்பதையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாராம்.

இத்தோடு முடிந்திருக்கலாம். சாராள் முடிய விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போய்விட்டு நேராக சென்டருக்கு வந்து, ஏழு வருஷத்து "மூணு" காப்பிகளை எல்லாம் தரையில் இறக்கினாள். சீட்டுகளைப் பிரித்தாள். போக்கு மட்டும், ஒண்ணுக்கு அடிக்கடி என்றால் ஒரு பக்கம். போக்கோடு பொறுக்க முடியாத வலி என்றால் இன்னொரு பக்கம். எனக்குக் குப்பையாகத் தெரிந்த பென்சில் சீட்டுகள்தான் என் மெஷினைவிட உருப்படியாக வேலை செய்திருந்தன. சீட்டை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது, யாரை மறுபடி பார்க்க வேண்டும் என்று மட்டும் முடிவு செய்யலாம். அறுபத்து மூன்று பேர் தேறினார்கள். அறுபத்து மூன்று போஸ்ட் கார்டு எழுதினாள். "பழைய ஸ்கேனில் சந்தேகம் உள்ளது. திரும்ப வந்து இலவசமாகப் பார்த்துக்கொள்ளவும். தண்ணீர் குடிக்க வேண்டாம்." கடைசி வரிக்காகவே பாதிப் பேர் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

வந்தவர்களில் நிறையப் பேருக்கு நிஜமாகவே ஃபைப்ராய்டுதான், எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. மாமல்லபுரத்தில் சங்குக் கடை வைத்திருந்த லதாவுக்கு அடினோமயோசிஸ். வயது நாற்பத்தொன்று, பிள்ளைகள் போதும், ஆனால் ஆபரேஷன் என்றால் கடையை யார் பார்ப்பது என்றாள். அப்போதுதான் புதிதாக வந்திருந்த, ஹார்மோன் சுரக்கும் காப்பர்-டி மாதிரியான ஒன்றைத் தெய்வநாயகி உள்ளே பொருத்தினார். முதல் சில மாதம் விட்டு விட்டுக் கசிந்தது, என்னை வந்து திட்டினாள். பிறகு மாதவிடாயே சொட்டுக் கணக்கில் வந்தது, வந்து மறுபடி திட்டினாள், இதை முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று.

திருவிடந்தையிலிருந்து வந்த ஆராயிக்கு ஐம்பத்திரண்டு. "எனக்கு நின்னு ஒரு வருஷமாவுது. வலியும் அதோட பூடுச்சி. எதுக்குக் கூப்டே?" என்று சாராளைக் கேட்டாள். மாதவிடாய் நின்றால் இந்தத் திசுவுக்குத் தீனி நின்றுவிடும், பெரும்பாலும் அடங்கிவிடும், ஃபைப்ராய்டும் வற்றும். நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் பழைய நோய்தான் என்று இருந்துவிடாமல் உடனே வர வேண்டும் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஐம்பதை நெருங்குகிறவர்களுக்குப் பல சமயம் போக்குக்கு மாத்திரை, வலிக்கு மாத்திரை, ரத்தச்சோகைக்கு இரும்புச்சத்து, கொஞ்சம் பொறுமை இவையே போதுமாக இருந்தது. எதற்கும் அடங்காதவர்கள், போதும் எடுத்துவிடுங்கள் என்று தாங்களே சொன்னவர்கள், ஆபரேஷனுக்குப் போனார்கள். அதுவும் சரியான வைத்தியம்தான், சரியான வயதில், கேட்டுச் செய்தால்.

அந்த அறுபத்து மூன்றில் சேராத ஒரு "மூணு" காப்பியை அவள் எனக்குக் காட்டாமல் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தாள். ஒரு நாள் ஸ்டேப்ளர் தேடும்போது என் கையில் அகப்பட்டது. 1999. பெயர் சாராள், வயது நாற்பது. ஃபைப்ராய்டு, ஐந்து சென்டி. என் கையெழுத்தின் மேல் ஒரு பருக்கைத் தயிர்சாதம் காய்ந்திருந்தது. அந்த வருஷம் அவளுக்குக் கருப்பையை எடுத்தது எனக்குத் தெரியும், மூன்று வாரம் லீவில் இருந்தாள், ரிப்போர்ட்டுகள் எல்லாம் எழுத்துப்பிழையோடு போயின. காப்பியைத் திருப்பினேன். பின்னால் டோக்கன் சீட்டு குத்தியிருந்தது. அதில் ஒன்றுமே எழுதவில்லை.

"உன் பயாப்ஸி என்ன சொல்லிச்சு சாராள்?" என்று கேட்டேன்.

"உப்புதான் சார். அப்போ எனக்குப் படிச்சா புரியல, பீரோல வச்சிட்டேன். போன மாசம்தான் எடுத்துப் பாத்தேன்."

"சீட்டுல ஒண்ணும் எழுதலியே."

"ஊரு பூரா கேட்டேன் சார். என்னிய நானே கேட்டுக்கல. நீங்க மூணுன்னு கத்தினீங்க. ஸ்கேன் மேசையில படுத்திருந்தவ நானேதான் எந்திரிச்சி வந்து சேலையச் சரி பண்ணிகினு பொத்தான அமுக்கினேன்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட விடுங்க. நாப்பது வயசு, ரெண்டு புள்ள, ரத்தம் ஏழு பாயின்ட்டு. எடுத்தது நல்லதுதான். வலி போச்சி. ஆனா இன்னா இருக்குதுன்னு தெரிஞ்சி எடுத்திருக்கலாம்" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கித் தாங்க" என்றாள். வாங்கிக் கொடுத்தேன், அவள் குடித்தாள்.

மூன்றாம் பொத்தானை அன்றே அழித்துவிட்டாள். கேட்டால், "நீங்க வாயத் தொறந்து முழுசா சொல்லுங்க, நான் முழுசா அடிக்கிறேன்" என்றாள். பின்சுவர் எத்தனை, முன்சுவர் எத்தனை, எல்லை உண்டா இல்லையா, குழாய் சுற்றுகிறதா ஊடுருவுகிறதா, அழுத்தினால் வலித்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். நான் உள்ளே போவதற்கு முன் பென்சில் சீட்டு என் மேஜையில் இருக்கும். படித்தேனா என்று அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்பாள். என் தயிர்சாதம் தினமும் புளித்தது.

ரோகிணிக்கு ஊசிகள் முடிந்து ஒரு கர்ப்பம் நின்று, ஏழாவது வாரத்தில் கலைந்தது. கேசவன் ரிப்போர்ட்டை வாங்கி நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு போனார். அன்று சாராள் பெஞ்சில் யாரையும் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நானே பென்சிலை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன், பெண்கள் என்னிடம் ஒரு பதிலும் சொல்லவில்லை.

2005 ஆகஸ்டில் ரோகிணி மறுபடி வந்து படுத்தாள். முப்பது வயது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள், கேசவன் வெளியே சாராளின் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மெஷின் திரையில் அந்தத் தடித்த பின்சுவர் அப்படியேதான் இருந்தது, எங்கும் போகவில்லை. அதற்கு முன்னால், உள்ளே, ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. எட்டு வாரம், இரண்டு நாள்.

பழைய வழக்கம் தொண்டை வரை வந்துவிட்டது. "சாராள்! ரெண்டு!" என்று கத்தினேன்.

வெளியே பொத்தான் சத்தமே கேட்கவில்லை. பிரின்டரும் கத்தவில்லை. பதினைந்து வருஷத்தில், தானே நோயாளியாக வந்த அந்த ஒரு நாளைத் தவிர, ஒரு தடவைகூட விலக்காத அந்தத் துணித்திரையை விலக்கிக்கொண்டு சாராள் உள்ளே வந்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"நீங்க சொன்னா ஆச்சா? காட்டுங்க, நான் பாத்துட்டு அமுக்கறேன்" என்றாள்.

காட்டினேன். ரோகிணி கண்ணைத் திறந்து, மெஷினைப் பார்க்காமல் சாராளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாராள் வெகு நேரம் பார்த்தாள். பிறகு வெளியே போய் இரண்டாம் பொத்தானை அழுத்தினாள்.